குலுக்கல் கூப்பன், ஸ்கிராட்ச் கார்டு: சண்டை வராத வாசகம் எழுதுவது எப்படி?

கேள்வி: பெங்களூருவில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு பில்லோடு குலுக்கல் கூப்பனும் ஸ்கிராட்ச் கார்டும் கொடுக்கப் போகிறோம், முதல் பரிசு ஸ்கூட்டர். ஓசூரில் இருக்கும் தம்பி கடையிலும் அதே கூப்பனைக் கொடுக்கலாம் என்று யோசனை. போன தடவை குலுக்கல் தேதி தள்ளிப்போனதிலும் பரிசு வாங்க வந்தவர்களிடமும் பெரிய தகராறு ஆகிவிட்டது. கூப்பனில் என்னென்ன போட வேண்டும்?

பதில்: முதலில் ஓசூரை இதிலிருந்து எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1979-லேயே பரிசுத் திட்டங்களைத் தடை செய்து ஒரு சட்டம் வந்துவிட்டது. கடையில் பொருள் வாங்கியவர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்கியோ வேறு எந்த வழியிலோ தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கும் திட்டம் என்றாலே அது அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். பெரிய கம்பெனிகளின் பரிசுப் போட்டி விளம்பரங்களில் கீழே பொடி எழுத்தில் ‘தமிழ்நாட்டில் செல்லாது’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான். ஊரெல்லாம் குலுக்கல் நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறதுதான், ஆனால் பரிசு கிடைக்காத ஒருவர் புகார் கொடுத்தால் தம்பிக்குச் சொல்லப் பதில் இருக்காது. ஓசூர் கடையில் அதிர்ஷ்டம் என்கிற பேச்சே இல்லாமல், பத்தாயிரத்துக்கு மேல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே டிஃபன் கேரியர் என்று எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுக்கச் சொல்லுங்கள். பெங்களூரு குலுக்கலுக்கான நோட்டீஸை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டாம். ஓசூர்க்காரர் பெங்களூரு கடைக்கே வந்து வாங்கினால் அது வேறு, அதற்கும் கூப்பனில் ஒரு வரி வேண்டும், கீழே சொல்கிறேன்.

பெங்களூருவிலும் சட்டம் கைவிரித்து வரவேற்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘முறையற்ற வணிக நடவடிக்கை’ என்ற பட்டியலில் குலுக்கலுக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன: கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பது, பரிசின் செலவைப் பொருள் விலையில் ஏற்றிவிட்டு இலவசம் என்று சொல்வது, திட்டம் முடிந்தபின் முடிவை வெளியிடாமல் இருப்பது. விற்பனையைக் கூட்டுவதற்காகக் குலுக்கல் நடத்துவதையே அந்தப் பட்டியல் பொதுவாகக் குறை சொல்கிறது. அதனால் வாசகம் தயாரானதும் அச்சுக்குப் போகும் முன் ஒரு வக்கீல் கண்ணில் பட்டுவிடட்டும். பொருள் வாங்காதவரும் கடைக்கு வந்து ஒரு கூப்பன் எழுதிப் போடலாம் என்று வழி வைப்பதும், ஆஃபர் காலத்தில் விலையை ஏற்றாமல் இருப்பதும் உங்கள் பக்கத்துக்குப் பலம் சேர்க்கும்.

சரி, இனி கூப்பன். கடைகளுக்கு ஆஃபர் வாசகம் எழுதிக்கொடுக்கும் வேலையில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே வரியிலிருந்து கிளம்பியவை: ‘குலுக்கல் தேதி பின்னர் அறிவிக்கப்படும்.’ கடைக்காரர் இதைப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது, சரக்கு எவ்வளவு போகும் என்று தெரியாது, இன்னும் பத்து நாள் ஆஃபரை நீட்டலாமா என்று மனதில் ஓடும். ஆனால் கூப்பனைப் பர்ஸில் வைத்திருக்கிறவருக்கு அந்த வரி எப்படிப் படும்? பொங்கல் வந்துவிட்டது, இன்னும் குலுக்கவில்லை, ஆக ஸ்கூட்டர் யாரோ சொந்தக்காரருக்குப் போய்விட்டது. அப்படி அவர் நினைப்பதைத் தப்பு சொல்லவே முடியாது, ஏனென்றால் நீங்கள் விட்ட இடைவெளியைத்தான் அவர் நிரப்பிக்கொண்டார். தேதியைப் போடுங்கள், கிழமையோடு, மணியோடு, இடத்தோடு. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், 8/11 என்றால் அதை ஆகஸ்ட் 11 என்று படிக்கிறவரும் இருக்கிறார். கன்னடம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் அடித்தால் மூன்றிலும் தேதிகளை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஒரு மொழியில் பழைய தேதி தங்கிப்போவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

ஒரு தேதி மட்டும் போதாது, மூன்று தேதி வேண்டும். கூப்பன் எந்த நாள் பில் வரை கிடைக்கும், பெட்டியில் எந்த நேரம் வரை போடலாம், குலுக்கல் எப்போது. முதல் இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் வாங்கியவர் கூப்பனை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவரும்போது பெட்டி சீல் வைத்திருக்கும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதை வைத்து உங்கள் கூப்பனின் முன்பக்கத்தை நான் இப்படி எழுதுவேன்:

> தீபாவளிப் பரிசுக் குலுக்கல்
> 10 அக்டோபர் 2026 சனி முதல் 8 நவம்பர் 2026 ஞாயிறு வரை எங்கள் பெங்களூரு கடையில் போட்ட பில்லுக்கு மட்டும்.
> ஒரே பில்லில் ஒவ்வொரு முழு 5,000 ரூபாய்க்கும் (ஜிஎஸ்டி உட்பட) ஒரு கூப்பன்.
> கூப்பனைப் பெட்டியில் போடக் கடைசி நேரம்: 12 நவம்பர் 2026 வியாழன், இரவு 9 மணி.
> குலுக்கல்: 15 நவம்பர் 2026 ஞாயிறு, காலை 11 மணி, கடை வாசலில், எல்லோர் முன்னிலையிலும்.
> நீங்கள் நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. வராதவருக்கும் பரிசு உண்டு.
> பரிசுகள்: ஸ்கூட்டர் 1, ஒரு கிராம் 24 காரட் தங்கக் காசு 3, மிக்ஸி 10. மொத்தம் 14 பரிசுகள்.

‘ஒவ்வொரு முழு 5,000’ என்று எழுதியதைக் கவனியுங்கள். 14,800 ரூபாய் பில்லுக்கு இரண்டு கூப்பனா மூன்றா என்று பில்லிங் கவுன்டரில் தினம் ஒரு வாக்குவாதம் வரும், ‘முழு’ என்ற ஒரு சொல் அதை அடக்கிவிடும். ‘ஒரே பில்லில்’ என்பது கணவர் பெயரில் ஒரு பில், மனைவி பெயரில் ஒரு பில் என்று கொண்டுவந்து சேர்த்துக் கேட்பவர்களுக்கு. ‘பெங்களூரு கடையில் போட்ட பில்லுக்கு மட்டும்’ என்பதுதான் ஓசூர் விஷயத்துக்காக நான் சொன்ன வரி. பொருள் வாங்காதவருக்கும் வழி வைப்பதாக இருந்தால் அதையும் இந்த வரியோடு சேர்த்து எழுதுங்கள்.

‘நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை’ என்பதை விட்டுவிடாதீர்கள். சில கடைகளில் பெயரைக் கூப்பிட்டு மூன்று நிமிஷத்தில் ஆள் வரவில்லையென்றால் அடுத்த சீட்டை எடுப்பார்கள், கூட்டம் சேர்வதற்காக. அது கூப்பனில் எழுதப்படாமலே நடந்தால் ஏமாற்று. எழுதிவிட்டுச் செய்தாலும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருப்பவருக்கு அநியாயம். எனக்கு அந்த முறை பிடிக்காது, வேண்டாம் என்றே சொல்வேன்.

தேதியை மாற்றவே கூடாதா? மழை வெள்ளம் வரலாம், ஊரடங்கு வரலாம், தேர்தல் நடத்தை விதி வரலாம். அதற்கும் இப்போதே ஒரு முடிவை அச்சிட்டுவிடுங்கள்: ‘அரசு உத்தரவு அல்லது இயற்கைச் சீற்றத்தால் அன்று நடத்த முடியாமல் போனால் 22 நவம்பர் 2026 ஞாயிறு காலை 11 மணிக்கு அதே இடத்தில் நடக்கும். வேறு காரணத்துக்காகத் தேதி மாறாது.’ இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். விற்பனை மந்தமாக இருக்கிறது என்று ஆஃபரை நீட்டும் ஆசை உங்களுக்கே வரும், இது உங்கள் கையையும் கட்டும். ஆஃபரை நீட்டத்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக வேறு கூப்பன், வேறு பெட்டி வையுங்கள். முதல் கூப்பன் வாங்கியவர்களின் வாய்ப்பு நடுவில் குறையக் கூடாது.

கூப்பன் இரண்டு பாதியாக இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே வரிசை எண், நடுவில் கிழிக்கும் கோடு. கடைப் பாதியில் பெயர், போன் நம்பர், பில் நம்பர். வாடிக்கையாளர் பாதியில் தேதிகளும் பரிசு வாங்கும் விதிகளும். பல பிரஸ்களில் விதிகளைக் கடைப் பாதியின் பின்பக்கத்தில் அடித்துவிடுவார்கள், அங்கேதான் வெற்றிடம் இருக்கும் என்பதால். விளைவு என்ன என்றால், விதிகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும், வாடிக்கையாளர் கையில் வெறும் நம்பர் மட்டும் மிஞ்சும். பரிசு வாங்க என்ன கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. புரூஃப் வந்தவுடன் கூப்பனை நீங்களே கோட்டில் கிழித்து, உங்கள் கையில் மிஞ்சும் பாதியைப் படித்துப் பாருங்கள்.

பில் நம்பரைக் கவுன்டரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், பில்லிலும் கூப்பன் நம்பரைக் குறிக்க வேண்டும். இதைச் செய்திருந்தால் கூப்பன் தொலைந்தாலும் பில்லை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், கையெழுத்துப் புரியாத சீட்டு வந்தாலும் பிரச்சினை இல்லை. பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியவரின் கூப்பனை விலக்கவும் இதுதான் வழி. அதற்கும் ஒரு வரி: ‘குலுக்கலுக்கு முன் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பில்லுக்கான கூப்பன் செல்லாது.’ குலுக்கலுக்குப் பின் திருப்பினால்? பரிசு அவருடையதுதான், பழுதான பொருளைத் திருப்புவது அவர் உரிமை, அதற்கும் ஸ்கூட்டருக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இனி பரிசு வாங்கும் இடத்துக்கு வருவோம், ஏனென்றால் கடையின் பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்வோம். ஷோரூம் விலை 90,000 ரூபாய் என்று வையுங்கள். குலுக்கலில் விழும் பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ் கட்ட வேண்டும். பரிசு பணமாக இல்லாமல் பொருளாக இருந்தால், அந்த வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே பொருளைக் கையில் கொடுக்கலாம், இது கொடுப்பவரின் பொறுப்பு. ஆக 27,000 ரூபாய். அது தவிர வண்டிப் பதிவு, ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ். மேடையில் மாலை போட்டு, பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துவிட்டு, மறுநாள் அவரிடம் ‘இருபத்தேழாயிரம் கட்டுங்கள், ரிஜிஸ்ட்ரேஷனும் உங்கள் செலவு’ என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? பத்தாயிரம் ரூபாய்க்கு வாஷிங் மெஷின் தவணையில் எடுத்த குடும்பமாக இருக்கும். போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றும்போதே கூடவே அவருடைய குமுறலும் சுற்றும்.

வரியை யார் கட்டினாலும் சரி, அது கூப்பனிலேயே தெரிய வேண்டும். கடையே கட்டுவதுதான் நல்லது என்பது என் கருத்து. உங்கள் பட்ஜெட்டில் ஸ்கூட்டரை 90,000 என்று எழுதாமல் வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து எழுதுங்கள், கட்டுப்படியாகவில்லையென்றால் ஸ்கூட்டரை எடுத்துவிட்டு பத்தாயிரத்துக்கு உட்பட்ட பரிசுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கடை சார்பில் வரி கட்டும்போது கணக்கு எப்படிப் போடுவது என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கக் காசும் இதில் மாட்டும். இன்றைய விலையில் ஒரு கிராம் காசே பத்தாயிரத்தைத் தாண்டிவிடக்கூடும், அச்சடிக்கும் நாளில் கீழே இருந்து குலுக்கல் நாளில் மேலே போகலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

வாடிக்கையாளர் பாதிக்கான விதிகளை நான் இப்படி எழுதுவேன். எண் போடாமல் சிறு சிறு வரியாக இருந்தால் வயதானவர்களும் படிப்பார்கள், எழுத்து செய்தித்தாள் எழுத்தைவிடப் பொடியாகப் போகக் கூடாது:

> பரிசு விழுந்தால்
> முடிவுகள் 15 நவம்பர் 2026 மாலை 5 மணி முதல் 15 டிசம்பர் 2026 வரை கடை வாசல் பலகையில் இருக்கும். கூப்பனில் எழுதிய நம்பருக்குப் போனும் எஸ்எம்எஸ்ஸும் செய்வோம்.
> பரிசு வாங்கக் கடைசி நாள்: 15 டிசம்பர் 2026 செவ்வாய், இரவு 8 மணி.
> கொண்டுவர வேண்டியவை: இந்தப் பாதிக் கூப்பன், பில், புகைப்படம் உள்ள ஏதாவது ஓர் அடையாள அட்டை. ஸ்கூட்டருக்கும் தங்கக் காசுக்கும் பான் கார்டும் வேண்டும்.
> கூப்பன் தொலைந்திருந்தால் பில்லும், எழுதிக் கொடுத்த போன் நம்பரும் ஒத்துப்போனால் போதும்.
> நீங்கள் வர முடியாவிட்டால் உங்கள் கையெழுத்திட்ட கடிதத்துடன் குடும்பத்தில் ஒருவர் வரலாம்.
> ஸ்கூட்டரின் வருமான வரி, பதிவு, ரோடு டாக்ஸ், முதல் வருட இன்சூரன்ஸ் எல்லாம் கடையின் செலவு. தங்கக் காசுக்கான வரியும் கடையே கட்டும்.
> பரிசுக்குப் பதில் பணம் கிடையாது. சொன்ன மாடல் கிடைக்காவிட்டால் அதே விலை அல்லது அதற்கு மேற்பட்ட மாடல் தரப்படும்.
> கடைசி நாள் வரை யாரும் வாங்காத பரிசு, அதே குலுக்கலில் எடுத்த மாற்று எண்ணுக்குப் போகும். பலகையில் அதுவும் எழுதப்படும்.
> பரிசுக்காகப் போனில் பணமோ ஓடிபியோ கேட்க மாட்டோம். யாராவது கேட்டால் கடைக்குச் சொல்லுங்கள்.
> உங்கள் போன் நம்பர் இந்தக் குலுக்கலுக்கு மட்டுமே பயன்படும்.

மாற்று எண் என்பது இதில் பெரிய வேலை செய்கிறது. ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு சீட்டு எடுத்தபின், ஸ்கூட்டருக்கு இரண்டு, காசுக்கு ஒன்று என்று கூடுதல் சீட்டுகளை அதே மேடையில், அதே பெட்டியிலிருந்து எடுத்து எழுதி வைத்துவிடுங்கள். ஆள் கிடைக்காத பரிசு கடைக்கே திரும்பிவிடும் என்று ஒரு விதி இருந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையாகப் போன் செய்திருந்தாலும் ஊர் நம்பாது, போன் பண்ணவே இல்லை என்றுதான் பேசும். மாற்று எண்ணுக்குப் போகும் என்றால் பரிசை மறைத்து வைப்பதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். போன் செய்ததற்கும் ஒரு கணக்கு வையுங்கள்: வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவையாவது, எந்த நம்பரிலிருந்து என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

போனில் பணம் கேட்க மாட்டோம் என்ற வரியைச் சிலர் தேவையில்லை என்று நினைப்பார்கள். குலுக்கல் நடந்த மறுநாளே ‘உங்களுக்கு ஸ்கூட்டர் விழுந்திருக்கிறது, பிராசஸிங் ஃபீஸ் அனுப்புங்கள்’ என்று வெற்றியாளர் அல்லாதவர்களுக்குப் போன் போவது சர்வ சாதாரணமாகிவிட்டது. கடையின் பெயரைச் சொல்லித்தான் கேட்பான். பணத்தை இழந்தவர் உங்கள் கடைக்குத்தான் வருவார். அதனால்தான் பலகையில் வெற்றியாளரின் முழு போன் நம்பரைப் போடாமல் கூப்பன் நம்பர், பெயர், போனின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போடச் சொல்கிறேன்.

முடிவைப் பலகையில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆஃபரை அறிவித்திருந்தால் அதே நாளிதழில் முடிவும் கண்ணில் படும்படி வர வேண்டும், நுகர்வோர் சட்டம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். விளம்பரம் கொடுக்கும்போதே முடிவுக்கும் சேர்த்து இடம் பேசிவிட்டால் செலவு தெரிந்துவிடும்.

கடைசி வரியாக எல்லோரும் போடும் ‘நிர்வாகத்தின் முடிவே இறுதியானது’ பற்றி. அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். நுகர்வோர் ஆணையம் கூப்பனில் என்ன வாக்குறுதி இருக்கிறது என்றுதான் பார்க்கும், இந்த வரியைக் காட்டி வாக்குறுதியை மாற்ற முடியாது. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று நட்சத்திரம் போட்டுவிட்டு நிபந்தனையை எங்கேயும் எழுதாமல் விடுவதும் அதே ரகம்தான். அதற்குப் பதில் ‘குறை இருந்தால் மேலாளரைப் பாருங்கள்’ என்று பெயரும் நம்பரும் போடுங்கள். கோபத்தில் இருப்பவர் முதலில் உங்களிடம் வந்தால் பேசித் தீர்க்கலாம், 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்ட பிறகு பேசுவது கஷ்டம். கடை ஊழியர்கள், அவர்கள் குடும்பம், கூப்பன் அடித்த பிரஸ்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஸ்கிராட்ச் கார்டு. இதில் தேதித் தகராறு குறைவு, ஆனால் குழப்பம் அதிகம். ஒரே பில்லுக்குக் கூப்பனும் கார்டும் சேர்த்துக் கொடுத்தால், கார்டில் சின்னப் பரிசு வந்தவர் அதையும் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார், அல்லது கூப்பனைச் சுரண்டிப் பார்ப்பார். நிறத்தை வேறாக்குங்கள், கார்டின் முகப்பிலேயே ‘இதற்குக் குலுக்கல் கிடையாது, சுரண்டியதும் தெரியும்’ என்று போடுங்கள்.

சுரண்டினால் தெரியும் எழுத்து முழுசாக இருக்க வேண்டும். ‘வாழ்த்துகள்! நீங்கள் வெற்றியாளர்!’ என்று மட்டும் இருந்தால் அவர் மனதில் போஸ்டரில் பார்த்த மிக்ஸிதான் இருக்கும், கவுன்டரில் நீங்கள் எடுத்துக் கொடுப்பது டிஃபன் பாக்ஸாக இருக்கும். ‘500 மில்லி ஸ்டீல் டிஃபன் பாக்ஸ் ஒன்று’ என்று எழுதுங்கள். தள்ளுபடி என்றால் இப்படி: ‘அடுத்த தடவை 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கும்போது 100 ரூபாய் தள்ளுபடி. 31 டிசம்பர் 2026 வரை. இந்தக் கார்டைக் கொண்டுவர வேண்டும்.’ ‘100 ரூபாய் வரை தள்ளுபடி’ என்று எழுதாதீர்கள், அந்த ‘வரை’யில்தான் பத்து ரூபாய் கொடுக்கும் எண்ணம் ஒளிந்திருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு நன்றாகத் தெரியும்.

மொத்தம் எத்தனை கார்டு, எதில் என்ன என்பதைக் கவுன்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆயிரம் கார்டு என்றால், மிக்ஸி 5, அயர்ன் பாக்ஸ் 95, டிஃபன் பாக்ஸ் 300, அடுத்த பில்லில் 100 ரூபாய் தள்ளுபடி 600. வெறும் கார்டு ஒன்றுகூட இல்லை, அதனால் ‘எல்லாக் கார்டிலும் ஏதாவது ஒன்று உண்டு’ என்று தைரியமாக எழுதலாம். பிரஸ்ஸிலிருந்து கார்டுகள் பரிசு வாரியாகக் கட்டுக் கட்டாக வரும், அதை அப்படியே கவுன்டரில் வைத்துவிட்டால் முதல் நாள் வந்தவர்கள் எல்லோருக்கும் தள்ளுபடி, கடைசி நாள் வந்தவர்கள் எல்லோருக்கும் டிஃபன் பாக்ஸ். இரண்டு பேர் உட்கார்ந்து கலக்க வேண்டும். ஐந்து மிக்ஸியும் முதல் வாரத்திலேயே போய்விட்டால் மிக்ஸி படம் போட்ட போஸ்டரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் இல்லாத பரிசைக் காட்டி விற்பதாகிவிடும்.

ஒரு பாதுகாப்பு வேண்டும்: வெள்ளிப் பூச்சுக்குக் கீழே பரிசின் பெயரோடு ஒரு ரகசிய எண். வென்ற கார்டுகளின் எண்கள் உங்களிடம் உறையில் இருக்க வேண்டும். 1992-ல் பிலிப்பைன்ஸில் பெப்சி நடத்திய ‘நம்பர் ஃபீவர்’ போட்டியில் மூடிக்குக் கீழே எண் இருக்கும், அறிவிக்கும் எண் வந்தவருக்குப் பரிசு. பத்து லட்சம் பேசோவுக்கான எண்ணாக 349-ஐ அறிவித்தார்கள், அந்த எண் தவறுதலாக லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது. உண்மையான வெற்றி மூடியில் இருக்க வேண்டிய பாதுகாப்புக் குறியீடு இவற்றில் இல்லை என்று கம்பெனி சொன்னது, வழக்கு வருஷக்கணக்கில் ஓடி 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அதற்குள் கலவரமே நடந்து உயிர்களும் போயிருந்தன. ரகசிய எண் வைத்தால் போதாது, அது ஒத்துப்போனால்தான் பரிசு என்பதைக் கார்டு வாங்கும்போதே வாடிக்கையாளர் படித்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கார்டின் பின்னால் இப்படிப் போடுங்கள்:

> சுரண்டிய இடத்தில் உள்ள எண் எங்கள் பட்டியலோடு ஒத்துப்போனால் பரிசு உடனே இதே கவுன்டரில் தரப்படும். வீட்டில் சுரண்டினாலும் செல்லும், பொருள் விழுந்திருந்தால் 15 நவம்பர் 2026 ஞாயிறு இரவு 8 மணிக்குள் கார்டையும் பில்லையும் கொண்டுவாருங்கள். பூச்சு முன்பே சுரண்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள், அதே இடத்தில் வேறு கார்டு கேளுங்கள்.

கடைசி வாக்கியம் ஊழியர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எழுத்து தெரிகிறதா என்று மாதிரிக் கார்டிலேயே பாருங்கள், மெல்லிய அட்டையில் அடித்தால் பின்பக்கமாக டார்ச் அடித்தாலே மிக்ஸி தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அட்டையைத் தடிமனாக்கச் சொல்லுங்கள், அல்லது பின்பக்கத்தில் அடர்த்தியான கோலம் மாதிரி ஒரு டிசைன் அடிக்கச் சொல்லுங்கள்.

குலுக்கல் நாளில் சீல் உடைப்பதிலிருந்து கடைசிச் சீட்டு வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சீட்டை எடுப்பவர் அங்கே நிற்கும் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தையாக இருக்கட்டும், எடுத்த எண்ணைச் சத்தமாகப் படித்து, கூட்டத்துக்குக் காட்டி, ரிஜிஸ்டரில் எழுதி, கடைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். சின்னப் பரிசில் தொடங்கி ஸ்கூட்டரில் முடிப்பீர்கள், ஒருவருக்கு ஒரு பரிசுதான் என்றால் மிக்ஸி விழுந்தவருக்கு ஸ்கூட்டர் வாய்ப்புப் போய்விடும், அதனால் ‘ஒருவருக்கு இரண்டு விழுந்தால் மதிப்பு அதிகமானதை எடுத்துக்கொள்ளலாம், மற்றது மாற்று எண்ணுக்கு’ என்று கூப்பனில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அதுவரை ரிஜிஸ்டர், வீடியோ, பெட்டியில் மிஞ்சிய கூப்பன்கள், பரிசு வாங்கியவர் கையெழுத்துப் போட்ட ரசீது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மேலே தேதி எழுதி வைத்திருங்கள்.